மேடும் மேட்டும்: நிறமாலை வரைவில் தமிழ் உயிர்களையும் வல்லினத்தையும் வாசித்த வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் வல்லெழுத்து ஒவ்வொன்றும் இடத்திற்கேற்ப ஒலிப்பிலா ஒலியாகவும் ஒலிப்புடை ஒலியாகவும் வருகிறது. இவ்வேறுபாடு தமிழுக்கு இயல்பானதா, இடத்தால் விளைவதா என்னும் வினா கால்டுவெல் காலம் முதல் விவாதிக்கப்பட்டு வருகிறது. 1940களில் உருவான நிறமாலை வரைவி இவ்வினாவைச் செவியிலிருந்து கண்ணுக்கு மாற்றியது. 1964இல் லீ லிஸ்கரும் ஆர்தர் ஆப்ராம்சனும் வெளியிட்ட பன்மொழி அளவீட்டில் தமிழும் இடம்பெற்றது. அவர்கள் அளவிட்ட குரல் தொடக்க நேரம் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்பதைக் காஞ்சிபுரத்தின் தென்பகுதியான செவிலிமேட்டின் ஊர்ப்பெயரைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நிறமாலை வரைவு, ஒத்ததிர்வுப் பட்டை, குரல் தொடக்க நேரம், வல்லினம், குற்றியலுகரம், செவிலிமேடு.

1. முன்னுரை

காஞ்சிபுரம் நகரின் தென்பகுதியில், பாலாற்றை நோக்கிய திசையில் அமைந்தது செவிலிமேடு. இவ்வூர்ப்பெயர் எழுவாயாக வரும்போது இறுதியில் ஒற்றை டகரம் நிற்கிறது. உருபேற்கும்போது அது ‘செவிலிமேட்டில்’, ‘செவிலிமேட்டுக்கு’ என இரட்டிக்கிறது. நெடில்தொடர்க் குற்றியலுகரத்தின் டகர றகர ஒற்று இரட்டும் என்று இலக்கணம் இதற்கு விதி கூறும். எழுத்தளவில் நிகழ்ந்திருப்பது ஓர் ஒற்றின் சேர்க்கை மட்டுமே. ஒலியளவிலோ இரண்டு மாற்றங்கள் ஒருங்கே நிகழ்கின்றன: அடைப்பின் கால அளவு நீள்கிறது, ‘மேடு’ என்பதில் அடைப்பினூடே கேட்ட குரல் ‘மேட்டில்’ என்பதில் நின்றுவிடுகிறது.

இவ்விரண்டில் எது அடிப்படை, எது அதன் விளைவு? நீளம் என்று விடை கூறினால், தமிழ் எழுத்துமுறை தன் மொழிக்குப் போதுமான கருவியாகிறது. குரல் என்று கூறினால், அம்முறை ஒரு வேறுபாட்டை மறைப்பதாகிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் செவிப்புலனை நம்பியே இவ்வினாவுக்கு விடை தேடப்பட்டது. அதனை அளவிடக்கூடிய வினாவாக மாற்றிய கருவியின் வரலாற்றையும், அக்கருவி தரும் படத்தைத் தமிழுக்கு வாசிக்கும் முறையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

2. செவிவழிச் சான்றுகள்

தொல்காப்பியப் பிறப்பியல் வல்லெழுத்துகளை நாவும் அண்ணமும் இதழும் பொருந்தும் இடங்களைக் கொண்டு வகுக்கிறது. ககரத்தையோ டகரத்தையோ குரலுடையது, குரலற்றது என இரண்டாகப் பிரிப்பதில்லை. வடமொழிச் சிட்சை நூல்கள் அப்பிரிவைத் தெளிவாகச் செய்திருக்க, தமிழிலக்கணம் அதனை மேற்கொள்ளாதது பின்வந்தோருக்கு ஆய்வுப்பொருளாயிற்று.

இராபர்ட் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இதனை ஒரு விதியாக்கினார். சொல்லின் முதலிலும் இரட்டித்த இடத்திலும் வல்லினம் ஒலிப்பின்றி வரும். இரண்டு உயிர்களுக்கிடையே தனித்து வரும்போதும் மெல்லினத்தை அடுத்து வரும்போதும் ஒலிப்புடன் வரும் என்பது அவ்விதியின் சாரம். ஆங்கிலேயர் காஞ்சிபுரத்தின் பெயரை எழுதிய முறையிலேயே இதற்குச் சான்று உண்டு. ‘கான்ஜீவரம்’ என்று அவர்கள் எழுதியபோது, முதற் ககரத்தை ஒலிப்பிலா எழுத்தாலும், ஞகரத்தை அடுத்த சகரத்தை ஒலிப்புடை எழுத்தாலும், உயிரிடைப் பகரத்தை வகர ஒலிக்குரிய எழுத்தாலும் குறித்தனர். ஒரே பெயரில் கால்டுவெல் விதியின் மூன்று நிலைகளும் பதிவாகியுள்ளன.

எனினும் இத்தகைய சான்றில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கேட்பவர் தம் தாய்மொழியின் எல்லைக்கோடுகளைக் கொண்டே பிறமொழியைக் கேட்கிறார். ஜே. ஆர். ஃபெர்த் 1934இல் ஆர்டனின் தமிழிலக்கண நூலுக்குப் பின்னிணைப்பாகத் தமிழ் ஒலிப்புச் சுருக்கத்தை எழுதினார். அது பயிற்சி பெற்ற ஒலியியலாளரின் பதிவேயாயினும், அதுவும் செவியின் பதிவே. பேசுபவரின் ஒலியைப் படமாக்கி அளக்கும் வசதி அப்போது பரவலாகவில்லை.

3. ஒலி படமாகிய விதம்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் நிறமாலை வரைவி உருவாக்கப்பட்டது. போர் முடிந்தபின், 1946இல் கோனிக், டன், லேசி ஆகியோர் அக்கருவியை விளக்கிக் கட்டுரை எழுதினர். 1947இல் பாட்டர், காப், கிரீன் ஆகிய மூவரின் ‘காணும் பேச்சு’ என்னும் பொருளுடைய நூல் வெளிவந்தது. 1951 முதல் கே எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சோனாகிராஃப் கருவி விற்பனைக்குக் கிடைத்தமையால் பல்கலைக்கழகங்களும் இவ்வாய்வில் ஈடுபட முடிந்தது.

கருவி இயங்கிய முறை எளியது. ஏறத்தாழ 2.4 நொடி நீளமுள்ள பேச்சு ஒரு காந்தத் தட்டில் பதியப்பட்டது. அப்பதிவு மீண்டும் மீண்டும் சுழல, ஒவ்வொரு சுற்றிலும் வடிகட்டி ஒன்று சற்றே உயர்ந்த அதிர்வெண்ணுக்கு நகர்ந்தது. வடிகட்டியின் வழியே எவ்வளவு ஆற்றல் வந்ததோ அதற்கேற்ப, உருளையில் சுற்றப்பட்ட தாளை ஓர் ஊசி கருக்கியது. இவ்வாறு கிடைத்த படத்தில் இடமிருந்து வலமாகக் காலமும், கீழிருந்து மேலாக அதிர்வெண்ணும், கருமையின் அடர்த்தியாக ஆற்றலும் அமைந்தன.

வடிகட்டியின் அகலமே வாசிப்பைத் தீர்மானிக்கிறது. 45 ஹெர்ட்ஸ் அகலமுள்ள குறுகிய வடிகட்டி குரலின் மடங்கதிர்வுகளைக் கிடைக்கோடுகளாகத் தனித்தனியே காட்டும். கால நுட்பத்தை இழக்கும். 300 ஹெர்ட்ஸ் அகலமுள்ள வடிகட்டி குரல்வளை மடல்களின் ஒவ்வொரு துடிப்பையும் ஒரு செங்குத்துக் கோடாகக் காட்டும்; மடங்கதிர்வுகளை ஒன்றாகக் கலந்து வாயறையின் ஒத்ததிர்வுகளைத் தடித்த பட்டைகளாக்கும். உயிர்களின் பட்டைகளையும் அடைப்பொலியின் கால அளவையும் ஒருங்கே காண இந்த அகல வடிகட்டியே பயன்படுகிறது. இன்றைய கணினி மென்பொருள்கள் இதே தெரிவைப் பகுப்பாய்வுச் சாளரத்தின் நீளமாகக் கேட்கின்றன, 0.005 நொடிச் சாளரம் அகல வடிகட்டிக்கு நிகரானது.

4. உயிர்களை வாசித்தல்

அகல வடிகட்டிப் படத்தில் உயிரொலி ஒவ்வொன்றிலும் கீழிருந்து எண்ணத்தக்க கரும்பட்டைகள் தெரிகின்றன. இவையே ஒத்ததிர்வுப் பட்டைகள்; ஆய்வுலகில் ஃபார்மண்ட் எனப்படுபவை. முதற்பட்டை வாய் திறக்கும் அளவோடு உயர்கிறது. இரண்டாம் பட்டை நா முன்னோக்கிச் செல்லச் செல்ல உயர்ந்து, நா பின்வாங்கி இதழ் குவியும்போது தாழ்கிறது. 1952இல் பீட்டர்சனும் பார்னியும் ஆடவர், பெண்டிர், சிறார் என 76 பேரின் அமெரிக்க ஆங்கில உயிர்களை அளந்தனர். அவர்கள் தந்த ஆடவர் சராசரியில், இகரத்தை ஒத்த நெடிய உயிருக்கு முதற்பட்டை 270 ஹெர்ட்ஸ், இரண்டாம் பட்டை 2290 ஹெர்ட்ஸ். ஆகாரத்தை ஒத்த உயிருக்கு அவை 730, 1090. ஊகாரத்தை ஒத்த உயிருக்கு 300, 870. இவ்வெண்கள் தமிழுக்கு உரியன அல்ல. ஆயினும் மூன்று மூலைகளின் திசையை அறிய உதவுவன.

இம்மூன்று மூலைகளும் பிறப்பியலின் மூன்று வகுப்புகளோடு பொருந்துவது குறிப்பிடத்தக்கது. அகர ஆகாரங்களை அங்காத்தலால் பிறப்பன என்கிறது தொல்காப்பியம்; படத்தில் அவற்றின் முதற்பட்டை உயர்ந்து நிற்கிறது. இகரம் முதலிய ஐந்தை அண்பல்லும் முதல்நா விளிம்பும் பொருந்துவன என்கிறது. அவற்றின் இரண்டாம் பட்டை உயர்ந்து நிற்கிறது. உகரம் முதலிய ஐந்தை இதழ் குவிதலால் பிறப்பன என்கிறது. அவற்றின் இரண்டாம் பட்டை தாழ்ந்து நிற்கிறது. ஐகார ஔகாரங்கள் ஈரொலிகளாக ஒலிக்குமிடத்துப் படத்தில் நகரும் பட்டைகளாகத் தெரியும். ஆதலால் இப்பொருத்தம் தனியுயிர்களுக்கே முழுமையாக உரியது.

இனிச் ‘செவிலிமேடு’ என்னும் சொல்லை இயல்பாக ஒலிக்கும் ஓர் ஆடவர் குரலில் இடமிருந்து வலமாக வாசிக்கலாம். முதற் சகரம் உரசொலியாக ஒலிக்கப்படின், படத்தின் மேற்பகுதியில் ஒழுங்கற்ற கருமையாகத் தெரியும். அடியில் குரற்பட்டை இராது. அடுத்த எகரத்தில் செங்குத்துத் துடிப்புகள் தொடங்கி இரண்டு பட்டைகளும் தெளிவாக அகன்று நிற்கும். வகரத்தில் கருமை குறைந்து இரண்டாம் பட்டை சற்றே தாழும். இகரத்தில் முதற்பட்டை இறங்க, இரண்டாம் பட்டை ஏறும். எகரத்துக்கும் இகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு பட்டைகளின் இடைவெளி விரிவதிலிருந்தே அறியலாம். லகரத்தின் எல்லைகளில் பட்டைகளின் அடர்த்தி திடீரென மாறும். மகரத்தில் அடிப்பகுதியில் மட்டும் கருமை தங்கி, மேற்பகுதி வெளிறும். பின்னர் ஏகாரம் நீண்டு நிற்கும்.

ஏகாரத்தின் இறுதியில் ஒரு குறிப்பைக் கவனிக்க வேண்டும். நா நுனி மேல்நோக்கி வளையத் தொடங்கியதும் மூன்றாம் பட்டை இறங்கி இரண்டாம் பட்டையை நெருங்குகிறது. வரவிருப்பது தகரமன்று, டகரம் என்பதை அடைப்பு நிகழுமுன்னரே படம் உணர்த்திவிடுகிறது.

சொல்லின் ஈற்றில் நிற்பது குற்றியலுகரம். இதழ் குவிந்த முழு உகரமாயின் இரண்டாம் பட்டை ஆகாரத்தினும் தாழ்ந்திருக்கும். ‘மேடு’ என்பதன் ஈற்றில் அவ்வாறின்றி, அது இகரத்துக்கும் உகரத்துக்கும் இடைப்பட்ட நிலையில் நிற்கும். கால அளவும் குறுகும். குற்றியலுகரத்தைச் சார்பெழுத்தாகத் தனியே வைத்த மரபு மாத்திரைக் குறைவைச் சுட்டியது. படமோ மாத்திரைக் குறைவோடு இதழ் குவியாமையையும் சேர்த்துக் காட்டுகிறது.

5. வல்லினத்தை வாசித்தல்: 1958, 1964

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ லிஸ்கர் திராவிட மொழிகளில் பயிற்சியுடையவர். ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தோடும் தொடர்புடையவர். 1958இல் ‘இந்தியன் லிங்விஸ்டிக்ஸ்’ இதழின் டர்னர் சிறப்பு மலரில் தமிழ் அடைப்பொலிகளைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பையே அவர் வினாவாக அமைத்தார்: அவை குறில் நெடில் என வேறுபடுகின்றனவா, ஒலிப்புடைமை ஒலிப்பின்மை என வேறுபடுகின்றனவா? மேடு, மேட்டு ஆகியவற்றுக்கிடையே எழும் வினாவும் இதுவே.

ஆறாண்டுகளுக்குப் பின், 1964இல் அவரும் தாய் மொழி ஆய்வாளரான ஆப்ராம்சனும் ‘வோர்ட்’ இதழில் பதினொரு மொழிகளின் சொல்முதல் அடைப்பொலிகளை அளந்து வெளியிட்டனர். அகல வடிகட்டிப் படத்தில் அடைப்பு விடுபடும் கணத்தில் ஒரு மெல்லிய செங்குத்து வெடிப்புக்கோடு தெரியும். அதனை அவர்கள் சுழியமாகக் கொண்டனர். குரல்வளையின் ஒழுங்கான துடிப்பு எப்போது தொடங்குகிறது என்பதை அச்சுழியத்திலிருந்து மில்லிநொடியில் அளந்தனர். துடிப்பு வெடிப்புக்கு முன்பே தொடங்கினால் மதிப்பு எதிர்மறை. பின்னர்த் தொடங்கினால் நேர்மறை. இந்த ஒற்றை அளவே குரல் தொடக்க நேரம்.

தமிழுக்கு அவர்கள் தந்த சராசரிகளில் ஒலிப்பிலாப் பகரம் 12, தகரம் 8, ககரம் 24 மில்லிநொடி. ஒலிப்புடைப் பகரம் –74, தகரம் –78, ககரம் –62 மில்லிநொடி. இரு தொகுதிகளும் ஒன்றையொன்று தொடாமல் அகன்று நிற்கின்றன. ககரத்தின் இரு மதிப்புகளும் தம் தொகுதியில் தனித்து நிற்பதற்குக் காரணம் உண்டு. கடைநா அண்ணத்தைப் பொருந்தும்போது அதன் பின்னுள்ள அறை சிறியது. காற்றழுத்தம் அங்கே விரைந்து நிறைவதால் அடைப்பினூடே குரலைத் தொடர்வது கடினம். விடுபட்டபின் அழுத்தம் குறையச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிப்பதால் குரல் தொடங்குவதும் தாமதமாகிறது.

அதே அட்டவணையில் ஆங்கிலத்தின் ஒலிப்பிலாத் தகர வகை ஒலி 70 மில்லிநொடியிலும், அதன் ஒலிப்புடை இணை பெரும்பாலும் 5 மில்லிநொடி அளவிலும் அமைகின்றன. தமிழின் ஒலிப்பிலாத் தகரம் 8 மில்லிநொடி. அதாவது, தமிழர் ஒலிப்பின்றிக் கூறும் ‘தேர்’ என்பதன் முதலொலி, குரல் தொடக்க நேரத்தளவில் ஆங்கிலேயரின் ஒலிப்புடை ஒலிக்கு மிக அருகில் விழுகிறது. பழைய செவிவழிப் பதிவுகளை அவ்வாறே ஏற்க இயலாமைக்கு இது அளவிடத்தக்க காரணமாகிறது.

6. அட்டவணை கூறாதது

இவ்வெண்களைக் கொண்டு தமிழில் ஒலிப்புடைமை வேறுபாடு உண்டு என முடிவுகட்டுவது எளிது. ஆனால் அம்முடிவுக்கு முன் ஒரு வினா எழ வேண்டும்: தமிழ்ச் சொல்லின் முதலில் ஒலிப்புடை வல்லினம் எங்கிருந்து வந்தது? கால்டுவெல் விதிப்படி சொல்முதல் ஒலிப்பிலா இடம். ஆகவே எதிர்மறை மதிப்புகளைத் தந்த சொற்கள் பொதுவாகக் கடன் சொற்களாகவே இருத்தல் வேண்டும். காஞ்சிபுரத்தின் வழக்கிலேயே இதனைக் காணலாம். ‘தேர்’ ஒலிப்பிலாத் தகரத்தில் தொடங்குகிறது. வரதராசப் பெருமாளைக் குறிக்கும் ‘தேவராசன்’ என்னும் பெயரை வடமொழிப் பழக்கமுடையோர் ஒலிப்புடைத் தகரத்தில் தொடங்குவர். ஏனையோருள் பலர் ‘தேர்’ போன்றே தொடங்குவர். எழுத்து இருவருக்கும் ஒன்றே. ‘பாவம்’ என்னும் ஒரே எழுத்துவடிவம் பழி என்ற பொருளில் ஒலிப்பின்றியும், மெய்ப்பாடு என்ற பொருளில் ஒலிப்புடனும் வருவதும் அத்தகையது.

ஆகவே 1964ஆம் ஆண்டு அட்டவணையின் தமிழ் வரிசை, வேறுபாட்டைப் பேணும் பேச்சாளர் அதனை எவ்வளவு தெளிவாகப் பேணுகிறார் என்பதைக் காட்டுகிறது. அதனை எத்தனை பேர் பேணுகின்றனர் என்பதைக் காட்டவில்லை. ஒரு மொழிக்கு மிகச் சிலரையே அளந்த ஆய்வு அதனைக் காட்டவும் இயலாது. கடன்சொல் அடுக்கின் ஒலிப்புடைமையும் ‘மேடு’ என்பதன் ஒலிப்புடைமையும் வெவ்வேறு வரலாறுடையவை. முன்னது சொல்லோடு வந்தது. பின்னது இடத்தால் விளைந்தது.

உயிரிடை வல்லினத்துக்குக் குரல் தொடக்க நேரம் பொருந்தும் அளவன்று என்பதையும் இங்கே வலியுறுத்த வேண்டும். ‘மேடு’ என்பதில் ஏகாரத்தின் குரல் அடைப்பினூடே அறாமல் குற்றியலுகரம் வரை தொடர்கிறது. தொடங்கும் கணம் என ஒன்று இல்லாதபோது தொடக்க நேரத்தை அளக்க முடியாது. அங்கே அளக்கத்தக்கவை இரண்டு: அடைப்பின் நீளம், அந்நீளத்தில் குரற்பட்டை நிலவும் பங்கு. ‘மேடு’ படத்தில் வெளிறிய இடைவெளி குறுகியது. அதன் அடியில் குரற்பட்டை தொடர்ந்து ஓடும். நா விரைந்து தட்டிச் செல்லும் பேச்சில் வெடிப்புக்கோடே தெரியாமலும் போகும். ‘மேட்டில்’ படத்தில் இடைவெளி பலமடங்கு நீளும். உயிரின் குரல் தொடக்கத்தில் சிறிது எஞ்சி அணைந்துவிடும். இறுதியில் தெளிவான வெடிப்புக்கோடு நிற்கும். நீண்ட அடைப்பில் குரல் அணைவதற்கு அழுத்த நிறைவே ஒரு காரணமாதலால், ஒலிப்பின்மை நீளத்தைத் தொடர்ந்து வரும் விளைவு என்னும் கருத்துக்கு இது வலுச்சேர்க்கிறது. ஆயினும் குறுகிய அடைப்பிலும் ஒலிப்பின்மையைப் பேணும் மொழிகள் பல உள. ஆகையால் நீளம் ஒன்றே முழு விளக்கமாகிவிடாது.

7. வாசிப்பில் நேரும் பிழைகள்

முதலாவது பிழை சொற்றொடரால் நேர்வது. சொல்முதல் வல்லினத்தை அளக்க அதனை ஒரு தாங்குதொடரில் வைத்துக் கூறச் சொல்வது ஆங்கில ஆய்வுகளின் வழக்கம். தமிழில் ‘இந்தத் தேர்’ என வைத்தால் வல்லினம் மிக்கு அடைப்பு இரட்டிக்கும். ‘இது தேர்’ என வைத்தால் முன்னுள்ள உயிரின் குரல் அடைப்பினுள் கசியும். இரண்டிலும் கிடைக்கும் மதிப்பு சொல்முதலுக்கு உரியதன்று. ஆகவே சொல் தனித்தோ, தொடரின் முதலிலோ நிற்றல் வேண்டும்.

இரண்டாவது பிழை பதிவிடத்தால் நேர்வது. மின்னோட்டத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் படத்தின் அடியில் கரும்பட்டையாகத் தங்கிக் குரற்பட்டை போலத் தோன்றும். அது பேச்சற்ற இடைவெளிகளிலும் மாறாது நீடிப்பதையும், அதில் குரல்வளைத் துடிப்பின் கோடுகள் இன்மையையும் கொண்டு பிரித்தறியலாம். நெசவுப் பகுதியில் பதிவு செய்யும்போது தறியின் பலகை மோதும் ஓசை வெடிப்புக்கோட்டை ஒத்த செங்குத்துக் கோட்டைத் தரும். அக்கோடு சொல்லின் அமைப்போடு தொடர்பின்றி, நெசவின் தாளத்தில் திரும்பத் திரும்ப வருவது அதன் அடையாளம். கைப்பேசிகளின் இரைச்சல் நீக்கும் வசதி இதற்கு எதிரான தீங்கைச் செய்யக்கூடும். வலுக்குறைந்த குரற்பட்டையையே இரைச்சலெனக் கருதி அழித்து, ஒலிப்புடை ஒலியை ஒலிப்பிலாததாகக் காட்டிவிடும்.

மூன்றாவது பிழை குரலின் உயரத்தால் நேர்வது. குரல் 300 ஹெர்ட்ஸை நெருங்கும் சிறுவர் பேச்சில் அகல வடிகட்டியும் மடங்கதிர்வுகளைப் பிரித்துக் காட்டத் தொடங்கும். அவற்றை ஒத்ததிர்வுப் பட்டைகளெனக் கொண்டால் இகரத்தின் முதற்பட்டை பிழையாக அமையும். குரல் ஏறி இறங்கும்போது ஒரு பட்டை அதனோடு ஒத்து நகர்ந்தால் அது மடங்கதிர்வு. வாயின் வடிவம் மாறும்போது மட்டும் நகர்ந்தால் அது ஒத்ததிர்வுப் பட்டை.

8. முடிவுரை

நிறமாலை வரைவு உயிர்களைப் பொறுத்தவரை பிறப்பியல் கண்ட மூவகைப் பாகுபாட்டை முதலிரு பட்டைகளின் நிலையாகக் காட்டுகிறது. குற்றியலுகரத்தின் தனித்தன்மைக்கு மாத்திரையோடு இதழ்நிலையையும் சான்றாக்குகிறது. வல்லினத்தைப் பொறுத்தவரை, குரல் தொடக்க நேரம் சொல்முதலில் மட்டுமே செல்லும் அளவாகும். அங்கே அது பிரித்துக் காட்டுவது இயற்சொல்லையும் கடன்சொல்லையும் பிரிக்கும் ஒரு வரலாற்று அடுக்கை. சொல்லிடையில் அடைப்பின் நீளமும் குரற்பட்டையின் நீடிப்புமே அளவுகள்.

ஆகவே லிஸ்கர் 1958இல் எழுப்பிய வினாவுக்கு 1964ஆம் ஆண்டு அட்டவணையை விடையாகக் கொள்ளுதல் பொருந்தாது. அவ்வினா மேட்டுக்கும் மேடுக்கும் இடைப்பட்டது. அட்டவணையோ தேருக்கும் தேவராசனுக்கும் இடைப்பட்டது. தமிழ் வல்லினத்தின் ஒலிப்புடைமையைப் பற்றிய எந்த அளவீடும், சொல் எந்த அடுக்கைச் சேர்ந்தது, ஒலி எந்த இடத்தில் நிற்கிறது, பேசுபவர் எந்த வழக்குடையவர் என்னும் மூன்றையும் எண்ணோடு சேர்த்துத் தரும்போதே தமிழுக்குப் பொருளுடையதாகும்.